செய்தி வெளியாகுமுன் சட்டக் கண்ணோடு ஒரு வாசிப்பு

திருகோணமலையின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து, உள்ளூர்ச் செய்திகளை இணையத்தில் வெளியிடும் ஒரு சிறு ஆசிரியர் குழுவுக்கு இப்படி ஒரு பிரதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமமும் சங்கமும் ஆட்களும் விளக்கத்துக்காக நான் கற்பனை செய்தவை. ஆனால் நிலாவெளியிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ எந்த வாரமும் வந்து சேரக்கூடிய பிரதிதான் இது.

"மீனவர் பணத்தை விழுங்கிய சங்கப் பொருளாளர்! வலை வாங்கித் தருவதாகக் கூறி 40 மீனவர்களிடம் தலா 15,000 ரூபாய் வசூலித்த கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கப் பொருளாளர், அப்பணத்தை மோசடி செய்துள்ளதாகக் கூறப்படுகிறது. பணம் கொடுத்து 14 மாதங்களாகியும் வலை வரவில்லை. இதற்கிடையில் அவர் புதிய முச்சக்கர வண்டி ஒன்றை வாங்கியுள்ளார். இது தொடர்பில் பொலிஸில் முறைப்பாடு செய்யப்பட்டுள்ளது. இப்படிப்பட்ட திருடர்கள் பதவியில் இருக்கலாமா என மக்கள் கேள்வி எழுப்புகின்றனர்."

செய்தியாளர் நேர்மையானவர். அவரிடம் பேசிய மீனவர்களும் உண்மையாகவே பணம் கொடுத்தவர்கள். வெளியிட வேண்டிய செய்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதை இப்படியே வெளியிட்டால், மறுவாரம் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரும்போது கையில் பதில் இருக்காது. வெளியிடுமுன் செய்யும் சட்டச் சரிபார்ப்பு என்பது இந்த இடத்தில் தொடங்குகிறது. பிரதியை ஒவ்வொரு வசனமாக எடுத்து, இந்த வசனம் யாரைப் பற்றி என்ன சொல்கிறது, அதை நீதிமன்றத்தில் எதைக் காட்டி நிரூபிப்போம் என்று கேட்பதுதான் அந்த வேலை. செய்தியைக் கொல்வதற்காக இதைச் செய்வதில்லை. செய்தி சொல்லும் குற்றச்சாட்டின் அளவும் நம்மிடமுள்ள சான்றின் அளவும் ஒன்றாக வரும்வரை திருத்துவதற்காகச் செய்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் அவதூறு ஒரு காலத்தில் குற்றமாகவும் இருந்தது. 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. ஆகவே ஒருவரின் நற்பெயரைக் கெடுத்ததற்காக மட்டும் பொலிஸார் வந்து கைது செய்யும் நிலை இன்று இல்லை. ஆனால் குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். இதற்கு அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலேய நீதிமன்றத் தீர்ப்புகளும் வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றைத் தவிர, இணையத்தில் எழுதுபவர்கள் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொய்யான கூற்றுகளைப் பரப்புவது பற்றிய பிரிவுகள் அதில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை குடியியல் அவதூறைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் அறியாத இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது. இந்த வசனம் என்னைப் பற்றியது, இது என் பெயரைக் கெடுக்கிறது, இதை நீங்கள் வெளியிட்டீர்கள் என்று வழக்காளி காட்டிவிட்டால் போதும். கெடுக்கும் எண்ணத்தோடுதான் எழுதினீர்கள் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அது உண்மை என்றோ, எழுத உரிமை இருந்தது என்றோ காட்ட வேண்டியவர் எழுதியவர்தான். "அவர் திருடவில்லை என்று அவரே நிரூபிக்கட்டும்" என்ற பேச்சு தேநீர்க் கடையில் எடுபடலாம், நீதிமன்றத்தில் எடுபடாது.

இரண்டாவது, உண்மை மட்டும் போதாது என்பது. நம் சட்டத்தில் ஒரு கூற்று உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவதால் பொதுமக்களுக்கு நன்மையும் இருக்க வேண்டும். சங்கப் பணத்துக்கு என்ன நடந்தது என்பதில் பொது நலன் வெளிப்படையாகவே இருக்கிறது. பொருளாளரின் குடும்பத் தகராறை அதே செய்தியில் இழுத்துவிட்டால், அது உண்மையாகவே இருந்தாலும் பொது நலன் என்ற காப்பு அதற்குக் கிடைப்பது கடினம்.

முதலில் பொருள், பிறகு சான்று

சரிபார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது சான்றுகளைப் புரட்டுவது அல்ல. ஒரு வெறுந்தாளை எடுத்து, இந்தச் செய்தியைச் சாதாரண வாசகர் ஒருவர் வாசித்து முடித்ததும் மனத்தில் என்ன எண்ணத்தோடு எழுந்து போவார் என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். நம் பிரதிக்கு அந்த வரி இதுதான்: "பொருளாளர் மீனவர்களின் ஆறு இலட்சம் ரூபாயைத் திருடி அதில் முச்சக்கர வண்டி வாங்கினார்." செய்தியாளர் அப்படி ஒரு வசனத்தை எங்கும் எழுதவில்லை. ஆனாலும் செய்தி சொல்வது அதைத்தான். நீதிமன்றம் பார்ப்பதும் அதைத்தான். எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பது அங்கே கேட்கப்படுவதில்லை. நிதானமாக வாசிக்கும் சாதாரண மனிதர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார் என்பதே கேட்கப்படும்.

முச்சக்கர வண்டி வசனம் இதற்கு நல்ல உதாரணம். அவர் வண்டி வாங்கியது உண்மை. இலக்கத் தகட்டைக்கூடச் செய்தியாளர் படம் எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் "இதற்கிடையில்" என்ற ஒரு சொல்லோடு அது வலைப்பணத்துக்கு அடுத்த வரியில் வந்து உட்கார்ந்ததும், பணம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதிலாகிவிடுகிறது. லீசிங் கடனில் வாங்கினாரா, மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கினாரா என்று நமக்குத் தெரியாது. உண்மையான இரண்டு வசனங்களை அருகருகே வைத்துப் பொய்யான ஒரு பொருளை உண்டாக்க முடியும். அதற்கும் எழுதியவரே பொறுப்பு. வலைப்பணத்தையும் வண்டியையும் இணைக்கும் சான்று இல்லாததால் அந்த வசனம் முழுமையாக வெளியே போக வேண்டும்.

அடுத்தது "கூறப்படுகிறது". தமிழ்ச் செய்தி எழுத்தில் இதை ஒரு கவசம்போலப் பயன்படுத்துகிறோம். கூறப்படுகிறது, தெரிவிக்கப்படுகிறது, நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன, மக்கள் விசனம் தெரிவிக்கின்றனர். இவை எதுவும் காப்பாற்றாது. பிறர் சொன்ன அவதூறை எடுத்துச் சொல்பவர், தானே சொன்னவராகத்தான் நடத்தப்படுவார். நீதிமன்றத்தில் "அவர்கள் அப்படிச் சொன்னது உண்மை" என்று நிரூபிப்பது பயன்படாது. அவர்கள் சொன்ன விடயம் உண்மை என்று நிரூபிக்க வேண்டும். முகநூலில் இன்னொருவரின் பதிவைப் பகிர்வதற்கும், வட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே முன்னனுப்புவதற்கும் இதுவே பொருந்தும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் நடந்ததையோ நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதையோ நியாயமாகவும் பிழையின்றியும் அறிக்கையிட்டால் சட்டம் காப்பு அளிக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் சமர்ப்பித்து மன்றில் பேசப்பட்டதை, மறுதரப்புச் சட்டத்தரணி சொன்னதையும் சேர்த்து எழுதலாம். நீதிமன்ற வாசலில் ஒருவர் தந்த பேட்டிக்கு அந்தக் காப்பு இல்லை. பொலிஸ் நிலையத்தில் ஒருவர் கொடுத்த முறைப்பாட்டின் உள்ளடக்கத்துக்கும் அது தானாகக் கிடைத்துவிடாது.

அப்படியானால் "பொலிஸில் முறைப்பாடு செய்யப்பட்டுள்ளது" என்ற வசனத்தை என்ன செய்வது? 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குவழக்குகளைப் பொலிஸ் மோசடிப் பிரிவு விசாரிக்கிறது என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. நிறுவனமும் அதன் தலைவரும் வழக்குத் தொடுத்தபோது, விசாரணை நடக்கிறது என்பதை மட்டும் வைத்துக் குற்றம் நடந்துவிட்டது என்று சாதாரண வாசகர் முடிவுசெய்ய மாட்டார் என அன்று அந்நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. சரிபார்ப்பவர்களுக்கு மிகப் பயனுள்ள ஒரு படிநிலை இதன் வழியில் வளர்ந்த தீர்ப்புகளிலிருந்து கிடைக்கிறது. ஒருவர் குற்றம் செய்தார் என்பது ஒரு படி. குற்றம் செய்திருப்பார் எனச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது என்பது அதற்குக் கீழே இன்னொரு படி. விசாரிக்க வேண்டிய காரணம் இருக்கிறது என்பது அதற்கும் கீழே. ஒவ்வொரு படிக்கும் தேவையான சான்று வேறு. நம் பிரதி முதற்படியில் நின்று கத்துகிறது. கையில் இருப்பது மூன்றாம் படிக்கான சான்று. செய்தியை அந்தப் படிக்கு இறக்கி எழுதினால் பிரதிக்கும் சான்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி மூடிவிடும்.

பெயர் போடாவிட்டால் தப்பலாமா

இந்தப் பிரதியில் பெயர் இல்லை. அதை ஒரு பாதுகாப்பாகச் செய்தியாளர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சங்கத்துக்கு ஒரே ஒரு பொருளாளர்தான் இருக்கிறார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர்தான் என்று புரிந்தால் போதும், அவர் வழக்காளி ஆகிவிடலாம். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் கரையோரக் கிராமத்தில், "கோவிலடியில் வசிக்கும் ஒரு நிர்வாகி" என்று எழுதினாலே ஆளைத் தெரிந்துவிடும். இதைத் தவிர்க்கச் சிலர் "நிர்வாகிகளில் ஒருவர்" என்று எழுதுவார்கள். அது இன்னும் மோசம். நிர்வாகக் குழுவில் ஏழு பேர் என்றால், சந்தேகம் ஏழு பேர் மீதும் விழுகிறது. குழு சிறிதாக இருந்தால், அதில் உள்ள ஒவ்வொருவரும் தன்னைக் குறித்ததாகச் சொல்ல முடியும். குற்றச்சாட்டுக்கு ஆளானவர் ஒருவராக இருக்க, வழக்காளியாகக் கூடியவர்களை நாமே ஏழாக்கிவிடுகிறோம்.

பெயர் போட்டாலும் கவனம் வேண்டும். 1930களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை, இருதார மணம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பெயர், வயது, ஊர் மட்டும் சொல்லி எழுதியது. செய்தி முழுக்க உண்மை. ஆனால் அதே பெயரோடும் ஏறத்தாழ அதே வயதோடும் அதே ஊரில் இன்னொருவர் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில் பத்திரிகை பொறுப்பாளியாக்கப்பட்டது. தொழிலையோ முகவரியையோ சேர்த்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் ஒரே பெயர் ஒரே பிரதேசச் செயலகப் பிரிவுக்குள்ளேயே பலருக்கு இருக்கும். எனவே பெயர் சொல்வதென்றால், வேறு யாரோடும் குழப்பம் வராதபடி பதவியும் சங்கமும் ஊரும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது

இப்போது சான்று. 40 பேர் தலா 15,000 ரூபாய் என்றால் மொத்தம் 600,000. இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று செய்தியாளரைக் கேட்டால், சங்க உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னது என்கிறார். அவரிடம் உண்மையில் இருப்பவை 23 பற்றுச்சீட்டுகளின் படங்கள். 23 என்றால் 345,000 ரூபாய். ஆகவே "23 பற்றுச்சீட்டுகளை நாம் பார்வையிட்டோம், அவற்றின்படி 345,000 ரூபாய் பெறப்பட்டுள்ளது, மொத்தம் 40 பேர் பணம் செலுத்தியதாக உறுப்பினர்கள் தெரிவிக்கின்றனர்" என்பதுதான் எழுதக்கூடியது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஒரே வசனத்தில் கலக்காமல் தனித்தனியாக நிற்கின்றன.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 14 சீட்டுகளில் பொருளாளரின் கையொப்பம் இருக்கிறது. மிகுதி ஒன்பதில் இருப்பது சங்கத் தலைவருடையது. எல்லாச் சீட்டிலும் சங்கத்தின் முத்திரை. ஆக, "பொருளாளர் வசூலித்தார்" என்ற வசனமே பிழை. சங்கம் வசூலித்தது, பொருளாளரும் தலைவரும் சீட்டில் ஒப்பமிட்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் வெளியிட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒன்பது சீட்டுகளும் நமக்கு எதிராகவே காட்டப்பட்டிருக்கும். சரிபார்ப்பில் நான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று சொல்லும் இடம் இதுதான். சட்டப் புத்தகம் படிப்பதைவிட, கையிலுள்ள கடதாசியை வரி வரியாகப் பார்ப்பது அதிகம் காப்பாற்றும். திகதி, ஒப்பம், தொகை, எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டது என்ற குறிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் பிரதியோடு ஒப்பிட வேண்டும்.

ஆட்களிடமிருந்து வரும் சான்றைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். பணம் கொடுத்த மூன்று பேர் செய்தியாளரிடம் பேசியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கு வந்து சொல்வீர்களா என்று அவர்களைக் கேட்டாரா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார். மூவரில் ஒருவர் வருவேன் என்கிறார். மற்ற இருவருக்குப் பொருளாளர் உறவுக்காரர். பெயர் வெளியிட விரும்பாதவரின் தகவல் செய்தியைத் தேடிச் செல்ல வழி காட்டும். ஆனால் வழக்கு வந்தால் அது சான்றாகாது. பெயரைக் காக்க வாக்குக் கொடுத்தால் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும். அப்போது அந்தத் தகவலை மட்டும் நம்பி நிற்கும் வசனங்களைப் பிரதியிலிருந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆவணம் கேட்க இன்னொரு வாசலும் உண்டு. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் அந்தச் சங்கத்தின் கடைசிக் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அன்றாடச் செய்திக்கு இது நீண்ட காலம். தொடர் செய்திக்கு நல்ல முதலீடு.

மறுதரப்பைக் கேட்பது

குற்றம் சாட்டப்படுபவரிடம் பதில் கேட்பதை மரியாதைக்காகச் செய்யும் சடங்காகப் பலர் நினைக்கிறார்கள். "தொடர்பு கொள்ள முயன்றும் பலனளிக்கவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு ஒருமுறை அழைத்துவிட்டு எட்டு மணிக்கு வெளியிட்டால், அந்த வரி நம்மைப் பாதுகாக்காது. அவசரத்தையும் அலட்சியத்தையும்தான் காட்டிக்கொடுக்கும். நியாயமாக நடந்துகொண்டோம், கெடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று நாளை காட்ட வேண்டியவர்கள் நாம். அதற்கு மிக வலுவான சான்று, வெளியிடுமுன் நாம் அனுப்பிய கேள்விதான்.

கேள்வி எழுத்தில் இருக்க வேண்டும். பொதுவாக "உங்கள் மீதான குற்றச்சாட்டுப் பற்றி என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. நம் செய்திக்கு நான் அனுப்பச் சொல்வது இது போன்றது: "ஐயா, வலை வாங்குவதற்கென உங்கள் சங்கம் உறுப்பினர்களிடம் தலா 15,000 ரூபாய் பெற்றதற்கான 23 பற்றுச்சீட்டுகளைப் பார்த்தோம். 14இல் உங்கள் ஒப்பம் உள்ளது. வலைகள் இன்னும் வழங்கப்படவில்லை என உறுப்பினர்கள் கூறுகின்றனர். மொத்தம் எத்தனை பேரிடம் எவ்வளவு பெறப்பட்டது, அந்தப் பணம் இப்போது எங்கே உள்ளது, வலை எப்போது கிடைக்கும், பொதுக்கூட்டத்தில் கணக்கு வைக்கப்பட்டதா என்பவற்றை அறியத் தாருங்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன் கிடைக்கும் பதிலைச் செய்தியில் சேர்ப்போம்." திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டு, அனுப்பியதன் திரைப்பிடிப்பைக் கோப்பில் சேர்க்க வேண்டும். நாம் வைக்கும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும்; கேட்காத குற்றச்சாட்டு செய்தியில் வரக்கூடாது.

நம் உதாரணத்தில் பொருளாளர் செவ்வாய்க்கிழமை பதில் தருகிறார். 40 பேரிடமும் பணம் பெற்றது உண்மை என்கிறார். நீர்கொழும்பிலுள்ள வலை விற்பனையாளர் ஒருவருக்கு 400,000 ரூபாய் முற்பணம் கட்டியதற்கான வங்கி வைப்புச் சீட்டின் பிரதியைக் காட்டுகிறார். விலை ஏறியதால் விற்பனையாளர் கூடுதல் பணம் கேட்கிறார், அதனால்தான் தாமதம் என்கிறார். மிகுதி 200,000 சங்கக் கணக்கில் இருக்கிறது என்கிறார். வங்கிப் புத்தகத்தைக் காட்ட மறுக்கிறார். செய்தியாளர் விற்பனையாளரை அழைத்துக் கேட்கிறார். முற்பணம் கிடைத்ததை அவர் உறுதிப்படுத்துகிறார்.

இப்போது "விழுங்கிய", "மோசடி", "திருடர்கள்" ஆகிய மூன்று சொற்களையும் பாருங்கள். சட்டத்துக்குப் பயந்து அவற்றை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவை உண்மையல்ல என்பதால் எடுக்க வேண்டும். அதேநேரம் செய்தி செத்துவிடவில்லை. 14 மாதத் தாமதம், காட்டப்படாத கணக்கு, கேள்விக்குறியோடு நிற்கும் இரண்டு இலட்சம் ரூபாய் ஆகியவை முன்பைவிடத் தெளிவாக நிற்கின்றன. முதற் பிரதியில் இவற்றில் இரண்டு இல்லவே இல்லை.

திருத்திய பிரதி

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். முகநூலில் ஓடும் விரல் தலைப்பையும் படத்தையும் மட்டுமே பார்த்துவிட்டுப் போகும். உள்ளே ஆறாவது பத்தியில் மறுப்பு இருப்பது அந்த வாசகருக்குத் தெரியாது. எனவே தலைப்பு தனியாக நின்றாலும் தாங்க வேண்டும். பொருளாளரின் முகத்தைப் பெரிதாகப் போட்டு அதன்மேல் கேள்விக்குறி வரைவதும் ஒரு குற்றச்சாட்டுத்தான். கரையில் கிடக்கும் பழைய வலையின் படம் போதும்.

"வலைக்குப் பணம் கட்டி 14 மாதங்கள்: கணக்குக் கேட்கும் கடற்றொழிலாளர்கள். புதிய வலைகளுக்காகத் தலா 15,000 ரூபாய் செலுத்திய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு 14 மாதங்களாகியும் வலைகள் கிடைக்கவில்லை. சங்க முத்திரையுடன் கூடிய 23 பற்றுச்சீட்டுகளை நாம் பார்வையிட்டோம். 40 பேரிடம் பணம் பெற்றதை உறுதிப்படுத்திய பொருளாளர், 400,000 ரூபாய் விற்பனையாளருக்கு முற்பணமாகச் செலுத்தப்பட்டதாகவும், விலை அதிகரிப்பே தாமதத்துக்குக் காரணம் எனவும் தெரிவித்தார். முற்பணம் கிடைத்ததை விற்பனையாளரும் உறுதிப்படுத்தினார். மிகுதி 200,000 ரூபாய் சங்கக் கணக்கில் இருப்பதாகப் பொருளாளர் கூறுகிறார். அதற்கான வங்கிப் பதிவைப் பார்க்க நாம் கேட்டபோது அவர் காட்டவில்லை. பணம் பெறப்பட்ட பின்னர் பொதுக்கூட்டத்தில் கணக்கு வைக்கப்படவில்லை என உறுப்பினர் மூவர் எம்மிடம் கூறினர். இது குறித்த கேள்விக்குப் பொருளாளர் பதிலளிக்கவில்லை. உறுப்பினர்கள் இது தொடர்பாகப் பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளனர்."

முறைப்பாட்டு வசனத்தை வைத்திருக்கிறேன். ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தைச் செய்தியாளர் நேரில் பார்த்த பிறகுதான். யாருக்கு எதிராக என்றும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லவில்லை. "மக்கள் கேள்வி எழுப்புகின்றனர்" என்ற கடைசி வரி போய்விட்டது. கோபம் நியாயமானது, ஆனால் அது கருத்து, செய்தி அல்ல. கருத்தாகச் சொல்ல விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. பொது நலனுக்குரிய விடயத்தில், உண்மையான தகவல்களை முதலில் வைத்து, அவற்றின் மீது நேர்மையாகச் சொல்லப்படும் கருத்தை நியாயமான விமர்சனம் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. "14 மாதங்கள் கணக்குக் காட்டாத நிர்வாகம் உறுப்பினர்களின் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது" என்பது அப்படி ஒரு கருத்து. அது எந்தத் தகவலின் மீது நிற்கிறது என்பது வாசகருக்குத் தெரிகிறது. "திருடர்கள்" என்பது கருத்துப்போலத் தோற்றமளிக்கும் குற்றச்சாட்டு. அந்தக் காப்பு அதற்குக் கிடைக்காது.

இந்த நிலையில்தான் சட்டத்தரணியிடம் அனுப்புவது பயன் தரும். முதற் பிரதியை அனுப்பினால் "போடாதீர்கள்" என்று ஒரு சொல்லில் பதில் வரும். திருத்திய பிரதி, தலைப்பு, படம், பகிரும்போது மேலே எழுதப்போகும் குறிப்பு, சான்றுக் கோப்பு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எந்த வசனத்தில் ஐயம் இருக்கிறது என்பதையும் நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். பார்க்காத படத்துக்கும் பார்க்காத தலைப்புக்கும் அவர் பொறுப்பேற்க முடியாது. அவரால் சொல்ல முடிவது ஆபத்தின் அளவை மட்டும்தான். வழக்கே வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த அளவைத் தெரிந்துகொண்டு வெளியிடுவதா என்று முடிவெடுப்பது ஆசிரியரின் வேலை.

வெளியான பிறகு

செய்தியின் கீழே வரும் பின்னூட்டங்களில் ஒருவர் "கள்ளன், அந்தக் காசிலதான் வண்டி ஓடுது" என்று எழுதுவார். நாம் கவனமாக வெளியே எடுத்த வசனம் அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். நம் பக்கத்தில் அதை நீக்கும் வசதி நம் கையில் இருக்கும்போது, தெரிந்தும் விட்டுவைப்பது ஆபத்து. முதல் நாளாவது ஒருவர் பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்தச் செய்திக்குப் பின்னூட்டத்தை மூடிவிடலாம்.

கோரிக்கைக் கடிதம் வந்தால் பதற்றத்தில் செய்தியை நீக்கிவிட்டு மௌனமாக இருப்பதும், "வழக்குப் போடுங்கள் பார்க்கலாம்" என்று முகநூலில் பதில் எழுதுவதும் ஒரே அளவு தீங்கானவை. முதலில் வெளியான வடிவத்தை, திகதியும் நேரமும் தெரியும்படி சேமிக்க வேண்டும். பிறகு கடிதம் எந்த வசனத்தைப் பிழை என்கிறது என்று பார்த்து, கோப்போடு ஒப்பிட வேண்டும். பதிலைச் சட்டத்தரணி வழியாகவே அனுப்ப வேண்டும். உண்மையில் பிழை இருந்தால் திருத்தம் உடனே வர வேண்டும், பிழை வந்த இடத்திலேயே, அதே கண்ணில்படும் அளவில். திருத்தம் எழுதும்போது பழைய குற்றச்சாட்டை மறுபடி முழுமையாகச் சொல்லக்கூடாது. "எமது செய்தியில் முற்பணத் தொகை பிழையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சரியான தொகை 400,000 ரூபாய். பிழைக்கு வருந்துகிறோம்" என்பது போதும்.

சான்றுக் கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இத்தகைய நட்டஈட்டு வழக்கைத் தொடர, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்பது இலங்கையின் காலாவதிச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. ஆனால் பழைய செய்தியை ஒரு ஆண்டு கழித்து மீண்டும் பகிர்ந்தால், அது புதிய வெளியீடு என்று மறுதரப்பு வாதிட இடமுண்டு. எனவே செய்தி இணையத்தில் இருக்கும்வரை கோப்பும் இருக்கட்டும்: 23 பற்றுச்சீட்டுகளின் படங்கள், அனுப்பிய கேள்வியின் பிரதி, வந்த பதில், வைப்புச் சீட்டின் பிரதி, விற்பனையாளரை அழைத்த நாளும் நேரமும் அவர் சொன்னதும். செய்தியாளர் கைத்தொலைபேசியை மாற்றும்போது படங்கள் அழிந்துபோவது வழக்கமாக நடக்கிறது. ஆகவே வெளியிட்ட அன்றே எல்லாவற்றையும் இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும்.